பன்னிரண்டு பாட்டில் பெட்டி என்ன விலை?

காங்கேயத்தில் தேங்காய் எண்ணெய் ஆலை நடத்தும் என் மைத்துனர், ஒரு லிட்டர் பாட்டில் பன்னிரண்டு அடுக்கும் அட்டைப்பெட்டிக்கு நான்கு பேரிடம் போனில் விலை கேட்டார். 28 ரூபாய் என்றார் ஒருவர், 41 என்றார் இன்னொருவர். 28-க்கே வாங்கினார். மழைக்காலத்தில் குடோனில் ஆறு வரிசை உயரத்துக்கு அடுக்கியபோது, அடிவரிசைப் பெட்டிகள் வயிறு தள்ளி உட்கார்ந்துவிட்டன. அந்தப் பெட்டிக்காரர் ஏமாற்றவில்லை. என்ன காகிதம் என்று இவர் சொல்லவே இல்லை.

அடுத்த முறை இருவரும் உட்கார்ந்து எழுத்தில் கேட்டோம். முதலில் அளவு: உள்ளளவு 325 × 245 × 275 மில்லிமீட்டர். ‘உள்ளளவு’ என்ற சொல் கட்டாயம் வேண்டும். வெளியளவு என்று எடுத்துக்கொண்டால், மேலும் கீழும் மடிப்பு இரண்டிரண்டாக விழுவதால் உயரத்தில் இரண்டு சென்டிமீட்டருக்கு மேல் போய்விடும், மூடி இடிக்கும்.

அடுத்தது காகிதம்: 5 பிளை, எல்லாத் தாளும் 150 ஜிஎஸ்எம், 18 பிஎஃப். ஜிஎஸ்எம் என்பது ஒரு சதுர மீட்டர் தாளின் எடை. பிஎஃப் அது வெடிக்காமல் தாங்கும் திறனின் குறியீடு. இதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. அதனால் ‘காலிப் பெட்டியின் எடையைக் குறிப்பிடவும்’ என்று ஒரு வரி சேர்த்தோம். இந்த அளவுக்கும் காகிதத்துக்கும் ஏறக்குறைய 550 கிராம் வர வேண்டும். 470 கிராம் என்று ஒருவர் எழுதினால், எங்கோ தாளை மெலிதாக்கியிருக்கிறார். எடை சரியாக இருந்தாலும் பிஎஃப் குறைந்திருக்கலாம். அதற்கு வெடிப்புச் சோதனை அறிக்கைதான் வழி, அதையும் கேட்டோம்.

எண்ணிக்கையில் ஆசைப்படக் கூடாது. 10,000 என்று சொல்லி விலையை இறக்கிவிட்டு 2,000 எடுத்தால் அடுத்த முறை யாரும் நம்ப மாட்டார்கள். ‘மொத்தம் 5,000, மாதம் 2,500 வீதம் இரண்டு தவணை, ஒரு கலர் அச்சு, பிளாக் செலவு, ஜிஎஸ்டி, ஆலை வரை லாரி வாடகை தனித்தனியாக’ என்று எழுதினோம். மூன்றையும் சேர்த்து ஒரே தொகையாக வாங்கினால் இரண்டாவது தவணையிலும் பிளாக் செலவைக் கொடுத்துக்கொண்டிருப்போம்.

கடைசி வரி: ‘12-ஆம் தேதி, வெள்ளி, மாலை 4 மணிக்குள். விலை 30 நாள் செல்லுபடியாக வேண்டும்.’ கிராஃப்ட் காகித விலை அடிக்கடி ஏறி இறங்கும். ஒருவர் இன்றும் மற்றவர் பத்து நாள் கழித்தும் விலை தந்தால், நாம் ஒப்பிடுவது காகிதச் சந்தையை, பெட்டிக்காரர்களை அல்ல.

மூன்று பேர் நேரத்துக்குள் அனுப்பினார்கள்: 34, 35, 36.50. நான்காமவர் திங்கள் காலை, “அண்ணே, மத்தவங்க என்ன போட்டிருக்காங்க? அதுக்குக் கீழ தர்றேன்” என்றார். மைத்துனர் விலையைச் சொல்லவில்லை. 550 கிராம் எழுதியிருந்த 35 ரூபாய்க்காரரிடம் மாதிரிப் பெட்டி ஒன்று வாங்கி, எண்ணெய்க் கடைத் தராசில் வைத்தார்.