நாலாயிரம் ஏற்றினால் என்ன பதில் எழுதுவது?

ஜூன் 20-ஆம் தேதி இரவு ஹவுஸ் ஓனரிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு வரி வருகிறது: "அடுத்த மாசத்துல இருந்து வாடகை 20,000." இப்போது கொடுப்பது 16,000. சென்னைப் புறநகரில் இரண்டு படுக்கையறை வீடு, குடியிருப்பவர்கள் மூன்று வருடமாக இருக்கும் குடும்பம் என்று வைத்துக்கொள்வோம். பத்து நாளில் நாலாயிரம் கூடுகிறது. நூற்றுக்கு இருபத்தைந்து.

இந்த இடத்தில் பலர் உடனே போனை எடுத்துப் பேசிவிடுகிறார்கள். பேச்சு "இஷ்டமில்லன்னா காலி பண்ணிக்குங்க" என்பதில் போய் நிற்கும். அதற்குப் பதில் அலமாரியைத் திறந்து அக்ரிமென்ட்டைத் தேடுவது நல்லது. பதிலுக்கான பாதி விஷயம் அதில்தான் இருக்கிறது.

தமிழ்நாட்டில் 1960-ஆம் வருடத்துப் பழைய வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் போய், 2019 பிப்ரவரியிலிருந்து புதிய சட்டம் நடைமுறையில் இருக்கிறது. பழைய சட்டத்தில் 'நியாய வாடகை' கேட்டு மனுப் போடலாம். புதிய சட்டம் வாடகையை இரு தரப்பும் எழுதிக்கொண்ட ஒப்பந்தத்திடமே விட்டுவிட்டது. "வருஷத்துக்கு இத்தனை சதவீதத்துக்கு மேல் ஏற்றக்கூடாதாமே" என்று டீக்கடையில் சொல்லப்படும் கணக்கு அந்தச் சட்டத்தில் இல்லை. சதவீதம் எங்காவது இருந்தால் அது அக்ரிமென்ட்டில்தான் இருக்கும்.

நம் குடும்பத்தின் பதினொரு மாத அக்ரிமென்ட் ஜூன் 30-இல் முடிகிறது. அதில் "புதுப்பிக்கும்போது 5 சதவீதம் உயர்த்தப்படும்" என்று ஒரு வரி உண்டு. அந்தக் கணக்கில் புது வாடகை 16,800 மட்டுமே. ஆனால், அதையே பிடித்துக்கொண்டு நின்றால் அடுத்த முறை அக்ரிமென்ட்டே போடமாட்டார். அதே தெருவில் அதே அளவு வீடுகள் 18,000-க்குப் போகின்றன என்று விசாரித்ததில் தெரிகிறது. ஆகவே கேட்க வேண்டியது இரண்டுக்கும் நடுவில் ஒரு தொகை: 17,500.

ஓனர் ஏன் ஒப்புக்கொள்ள வேண்டும்? அவர் பக்கத்துக் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். குடும்பம் காலி செய்து, வீடு ஒரு மாதம் பூட்டிக் கிடந்து, பிறகு அவர் கேட்ட 20,000-க்கே ஆள் வந்துவிட்டதாக இருக்கட்டும். பதினொரு மாதத்தில் பத்து மாத வாடகை, இரண்டு லட்சம். தரகர் அவரிடமும் ஒரு மாத வாடகையைக் கமிஷனாக வாங்கினால் மிச்சம் 1,80,000. இருப்பவரே 17,500 கொடுத்தால் பதினொரு மாதத்துக்கு 1,92,500. இதைக் கடிதத்தில் எழுதக்கூடாது, மிரட்டல் போலத் தொனிக்கும். ஆனால் எழுதுகிறவருக்குத் தெரிந்திருந்தால் கெஞ்சும் தொனி வராது.

பதில் இப்படி இருக்கலாம்:

"வணக்கம் சார். வாடகை பற்றி நீங்கள் அனுப்பியதைப் பார்த்தோம். நம் அக்ரிமென்ட்டில் புதுப்பிக்கும்போது 5 சதவீதம் என்று இருக்கிறது. 20,000 என்பது எந்தக் கணக்கில், மெயின்டனன்ஸ் இதில் சேர்ந்ததா என்று தெரிவித்தால் உதவியாக இருக்கும். செலவுகள் கூடியிருப்பது புரிகிறது. ஜூலையிலிருந்து 17,500, அடுத்த வருடம் 18,500 என்று இரண்டு படியாக வைத்துக்கொள்ளலாமா? சம்மதம் என்றால் அட்வான்ஸ் தொகையை மாற்றாமல் புது அக்ரிமென்ட் போட்டுக்கொள்வோம். 28-ஆம் தேதிக்குள் சொன்னால் வசதி."

மெயின்டனன்ஸ் பற்றிய கேள்வி சும்மா கேட்டதல்ல. இப்போது தனியாகக் கட்டும் 1,500-ஐயும் சேர்த்துத்தான் 20,000 என்றால், உண்மையான உயர்வு 2,500-தான், பேரமே வேறாகிவிடும். அட்வான்ஸைச் சொல்லாமல் விட்டால், வாடகை ஏறியதற்கு ஏற்ப அதையும் ஏற்றிக் கேட்பது நடக்கும். "வேறு வீடு பார்த்துக்கொள்கிறோம்" என்ற வரியை, உண்மையிலேயே பார்த்து வைத்திருந்தால் ஒழிய, எழுதக்கூடாது.

பெரும்பாலும் சறுக்குவது கடிதத்தில் அல்ல, அதற்குப் பின்னால். பதில் வராத மாதத்தில் "பிரச்சினை வேண்டாம்" என்று 20,000-ஐ அனுப்பிவிட்டால், ஒத்துக்கொண்டதாகத்தான் அர்த்தம். கோபத்தில் வாடகையையே நிறுத்துவது அதைவிட மோசம். பாக்கி வைத்தால் காலி செய்யச் சொல்ல ஓனருக்குக் காரணம் கிடைத்துவிடும். பேச்சு முடியும்வரை பழைய தொகையை வழக்கமான தேதியில் வங்கி வழியாகவே, எந்த மாத வாடகை என்று குறிப்பிட்டு அனுப்ப வேண்டும். மோட்டாரையோ கரண்டையோ நிறுத்தி நெருக்குவதைச் சட்டம் அனுமதிக்கவில்லை. வாடகை அதிகாரியிடம் புகார் கொடுக்கலாம்.

தொகை முடிவானதும் வாய்வார்த்தையில் விடாமல் புது அக்ரிமென்ட் எழுதி, இரண்டாம் வருடத்து 18,500-ஐயும் அதிலேயே சேர்த்து, அரசின் வாடகைப் பதிவு இணையதளத்தில் பதிந்து எண் வாங்கிவிடுங்கள். பதியாத ஒப்பந்தத்தைக் கையில் வைத்துக்கொண்டு வாடகை அதிகாரியிடம் போய் நிற்பது கடினம்.