போன் ஆங்கிலத்தில், வாட்ஸ்அப் தமிழில்

அனுப்பிய செய்தியைத் தப்பென்று அழிக்கப் போனால் வாட்ஸ்அப் இரண்டு வழி காட்டும்: Delete for everyone, Delete for me. முதலாவது எல்லோருடைய போனிலிருந்தும் அழிக்கும். இரண்டாவது நம் போனில் மட்டும் அழிக்கும், மற்றவர்களிடம் செய்தி அப்படியே இருக்கும். எங்கள் பக்கத்து வீட்டு அக்கா, வேறு குழுவுக்குப் போய்விட்ட குடும்பப் படத்தை இரண்டாவதை அமுக்கி அழித்தார். படம் போய்விட்டது என்று நிம்மதியாக இருந்துவிட்டார். அமுக்கியதும் சில நொடிகள் கீழே தெரியும் Undo என்ற சொல்லும் அவருக்குப் புரியவில்லை. அதைத் தொட்டிருந்தால் படம் திரும்பி வந்திருக்கும், எல்லோரிடமும் அழிக்கவும் முடிந்திருக்கும்.

"போனையே தமிழுக்கு மாத்திடலாமே" என்று கேட்டதற்கு அக்கா தலையை ஆட்டிவிட்டார். வெளியூரில் இருக்கும் மகன்தான் அவருக்குப் போன் ஆசான். "Settings-ல போ, Network-ஐத் தொடு" என்று ஆங்கிலப் பெயர்களை வைத்தே அவன் வழி சொல்வான். அந்தப் பெயர்கள் மாறினால் இரண்டு பேருக்கும் சிக்கல். அதனால் போனை அப்படியே விட்டு, வாட்ஸ்அப்பை மட்டும் தமிழாக்கினோம்.

ஆண்ட்ராய்டில் இது சுலபம். வாட்ஸ்அப்பைத் திறந்து, மேலே வலது மூலையிலுள்ள மூன்று புள்ளிகளைத் தொட்டு, Settings போய், App language என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். வரும் பட்டியலில் ஒவ்வொரு மொழியின் பெயரும் அதனதன் எழுத்திலேயே இருக்கும். 'தமிழ்' என்பதைத் தொட்டதும் திரை தமிழில் வந்துவிடும். அரட்டை எதுவும் அழியாது, எண்ணை மறுபடி பதிவு செய்யவும் வேண்டாம், எதிரில் இருப்பவருக்கு மாற்றம் தெரியவும் தெரியாது.

அந்த வரி உங்கள் வாட்ஸ்அப்பில் இல்லையென்றால், 2022-இல் வந்த ஆண்ட்ராய்டு 13-உம் அதற்குப் பிந்தையவையும் இன்னொரு வழி தருகின்றன. முகப்புத் திரையில் வாட்ஸ்அப் சின்னத்தை அழுத்திப் பிடித்து, App info திறந்து, Language என்ற இடத்தில் மொழியை மாற்றலாம். கை தவறி, படிக்கத் தெரியாத மொழியைத் தேர்ந்தெடுத்துவிட்டாலும் இந்த வழிதான் காப்பாற்றும். வாட்ஸ்அப்பின் திரை புரியாவிட்டாலும், போனின் திரை பழைய மொழியில்தானே இருக்கிறது? அங்கே System default என்பதைத் தொட்டால் செயலி மறுபடி போனின் மொழிக்கே திரும்பிவிடும்.

ஐபோனில் செயலிக்கு உள்ளே தேட வேண்டாம். போனின் Settings-இல் வாட்ஸ்அப்பைத் திறந்தால் Language வரி இருக்கும். அது இல்லாவிட்டால், General, Language & Region என்று போய் விருப்ப மொழிகளில் இன்னொன்றைச் சேர்த்துவிட்டுப் பாருங்கள். போனில் ஒரே மொழி இருக்கும்வரை அந்த வரி தலைகாட்டாது.

மாற்றிய அன்று மாலையே அக்கா கேட்டார்: "தம்பி, என் பேத்தி இன்னும் இங்கிலீஷ்லதான் அனுப்புறா?" மாறுவது செயலியின் சொந்தச் சொற்கள் மட்டும்தான். பொத்தான்கள், பட்டியல்கள், எச்சரிக்கைகள், குழுவில் ஒருவர் சேர்ந்தார், விலகினார் என்று வரும் சிறு அறிவிப்புகள் ஆகியவை தமிழில் வரும். ஒரே குழுவின் அதே அறிவிப்பை அக்கா தமிழிலும் மகன் ஆங்கிலத்திலும் பார்ப்பார்கள். மனிதர்கள் எழுதி அனுப்பியது எழுதியபடியேதான் இருக்கும். தட்டச்சுப் பலகையும் தனி. தமிழில் எழுத அதன் அமைப்பில் தமிழைச் சேர்க்க வேண்டும்.

வாட்ஸ்அப் முதல்முறை கேமராவைத் திறக்கும்போது While using the app, Don't allow என்று ஆங்கிலத்தில் ஒரு பெட்டி எழும். அது வாட்ஸ்அப் கேட்பதல்ல, அனுமதி தரலாமா என்று போன் கேட்பது. ஆகவே போனின் மொழியில்தான் இருக்கும். இந்த இடத்தில்தான் பெரியவர்கள் பயந்து Don't allow-ஐத் தொட்டுவிட்டு, வீடியோ அழைப்பில் முகம் தெரியவில்லை என்று தவிக்கிறார்கள். மொழியை மாற்றித் தருபவர், ஒரு படம் எடுத்து, ஒரு குரல்செய்தி அனுப்பி, இந்த அனுமதிகளையும் சேர்த்து முடித்துக் கொடுப்பது நல்லது.

தமிழுக்கு நடுவே ஆங்கில வரி ஒன்று தென்பட்டாலும் கோளாறு என்று நினைக்க வேண்டாம். செயலிக்குள் ஒவ்வொரு மொழிக்கும் ஒரு சொற்பட்டியல் இருக்கிறது. புதிய வசதி ஒன்று வந்து, அதன் சொல் தமிழ்ப் பட்டியலில் இன்னும் சேராமல் இருந்தால், செயலி மூலப் பட்டியலிலிருந்து ஆங்கிலத்தை எடுத்துக் காட்டும். பின்னால் வரும் அப்டேட்டில் தமிழ்ச் சொல் சேர்ந்துவிட்டால் அதுவும் மாறிவிடும்.

கணினியில் வாட்ஸ்அப் வெப் திறந்தால் போனில் செய்த இந்த மாற்றம் அங்கே வராது. அது உலாவியின் மொழியைப் பார்த்து நடக்கும், அதைத் தனியாக மாற்ற வேண்டும்.