ரெஸ்யூமை மென்பொருள் எப்படிப் படிக்கிறது?

ஆன்லைனில் வேலைக்கு விண்ணப்பிக்கும்போது, ரெஸ்யூமை அப்லோடு செய்ததும் பெயர், போன் நம்பர், பார்த்த வேலை எல்லாம் தானாகவே கட்டங்களில் நிரம்பும். சில சமயம் கம்பெனி பெயர் வர வேண்டிய இடத்தில் வேறு ஏதோ வந்து உட்கார்ந்திருக்கும். அதைச் சும்மா திருத்திவிட்டுப் போய்விடாதீர்கள். உங்கள் ரெஸ்யூம் அந்த மென்பொருளுக்குப் புரியவில்லை என்பதற்கான அடையாளம் அது.

பிடிஎஃப் கோப்புக்குள் அடிப்படையில் இருப்பவை, எந்த எழுத்தைப் பக்கத்தின் எந்த இடத்தில் வைக்க வேண்டும் என்ற குறிப்புகள்தான். இடப்பக்கம் ஒரு பத்தி, வலப்பக்கம் ஒரு பத்தி என்று பிரித்துப் பார்ப்பது நம் கண். மென்பொருள்களில் சில, ஒரே உயரத்தில் இருக்கும் சொற்களையெல்லாம் ஒரே வரியாகச் சேர்த்துவிடும். கணக்குத் துறையில் வேலை பார்த்த ஒருவர் இடது பத்தியில் திறன்களையும் வலது பத்தியில் அனுபவத்தையும் எழுதியிருக்கிறார் என்று வையுங்கள். மென்பொருள் கையில் கிடைப்பது இப்படி இருக்கும்:

```
SKILLS         WORK EXPERIENCE
Tally Prime    Accounts Executive
GST Filing     June 2019 - March 2023
```

இரண்டு தலைப்புகளும் ஒரே வரியில் வந்துவிட்டதால் அனுபவம் எங்கே தொடங்குகிறது என்பதே அதற்குத் தெரியாது. பதவியின் பெயர் "Tally Prime Accounts Executive" என்று பதிவாகலாம். ஜிஎஸ்டி தாக்கல் என்ற திறனைக் கம்பெனி பெயராகவும் எடுத்துக்கொள்ளலாம். மூன்று வருடத்துக்கு மேல் அனுபவம் உள்ளவர்களை ஹெச்.ஆர். தேடும்போது இவர் பெயர் வராமலே போகலாம்.

வேர்டு கோப்பில் சிக்கல் வேறு மாதிரி. டெக்ஸ்ட் பாக்ஸில் எழுதியது முதன்மை உரையோடு சேராமல் தனி அடுக்கில் இருக்கும். பக்கத் தலைப்பில் எழுதியதோ தனிக் கோப்பாகவே உள்ளே இருக்கும். எளிய மென்பொருள்கள் இரண்டையும் தொடாமல் போய்விடுகின்றன. போன் நம்பரையும் மின்னஞ்சலையும் அங்கே போட்டிருந்தால், தொடர்பு விவரமே இல்லாத விண்ணப்பமாகிவிடும்.

ஐகான்கள் படமாக இருந்தால் மென்பொருளுக்கு அங்கே எதுவுமே இல்லை. ஐகான் எழுத்துருவில் வந்தவை என்றால், மின்னஞ்சலுக்கு முன்னால் ஒரு வெற்றுச் சதுரமாக ஒட்டிக்கொள்ளும். எக்செல் திறமையைக் காட்ட ஐந்தில் நான்கு வட்டங்களுக்கு நிறம் தீட்டுவதும் வீண். எதில் எவ்வளவு தெரியும் என்பதைச் சொல்லில் எழுதுவதே மேல்.

எல்லா மென்பொருளும் இப்படித் தடுமாறுவதில்லை. பத்திகளைச் சரியாகப் பிரித்தறிபவையும் உண்டு. ஆனால் நாம் விண்ணப்பிக்கும் கம்பெனி எதை வைத்திருக்கிறது என்று நமக்குத் தெரியாது. ரெஸ்யூமைத் திறந்து, எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து, நோட்பேடில் ஒட்டிப் பாருங்கள். மென்பொருள் அப்படியே இதைத்தான் காணும் என்று சொல்ல முடியாது. ஆனாலும் பெரிய கோளாறுகள் இதிலேயே தெரிந்துவிடும். வரிகள் கலந்திருந்தால் ஒரே பத்திக்கு மாற்றுங்கள். வரிசை சரியாக இருந்தால், கடைசியாக போன் நம்பர் இருக்கிறதா என்று மட்டும் தேடிப் பாருங்கள்.