வாசல் தாண்டினாலும் கூடவே வரும் வடிகட்டி

வீட்டு வைஃபையில் இருக்கும்வரை செய்தித் தளம் சுத்தமாக இருக்கிறது. பத்திக்குப் பத்தி கார் விளம்பரம் இல்லை. உடனடிக் கடன் தருகிறேன் என்று திரையின் அடியிலிருந்து எதுவும் எழும்பி வருவதில்லை. அதே போன் தெருமுனைக்குப் போய் மொபைல் டேட்டாவுக்கு மாறியதும் அத்தனையும் திரும்பி வந்துவிடுகின்றன. வீட்டில் பை-ஹோல் வைத்திருப்பவர்கள் சீக்கிரமே கேட்கத் தொடங்கும் கேள்வி இது: வீட்டுக்குள் கிடைக்கிற இந்த நிம்மதி பஸ்ஸிலும் கிடைக்காதா?

பை-ஹோல் 2014-இல் ஜேக்கப் சல்மேலா என்பவர் தொடங்கிய இலவச மென்பொருள். உள்ளங்கை அளவுள்ள ராஸ்பெர்ரி பை கணினியே அதற்குப் போதும். போன் எந்தத் தளத்தைத் திறந்தாலும் முதலில் அந்தப் பெயருக்குரிய எண் முகவரியை ஒரு டிஎன்எஸ் சர்வரிடம் விசாரிக்கிறது. ஒரு செய்திப் பக்கத்தைத் திறந்தால் அந்தத் தளத்தின் பெயரோடு doubleclick.net போன்ற விளம்பரக் கிடங்குகளின் பெயர்களையும் சேர்த்தே விசாரிக்கும். செய்தித் தளத்துக்குச் சரியான முகவரியைச் சொல்லும் பை-ஹோல், தன் தடைப்பட்டியலில் உள்ள பெயர்களுக்கு 0.0.0.0 என்று பதில் சொல்லிவிடும். அப்படி ஒரு இடமே கிடையாது. விளம்பரம் இறங்காது, அதற்கான டேட்டாவும் செலவாகாது.

யாரிடம் விசாரிப்பது என்பதை வீட்டில் ரவுட்டர் சொல்லிக்கொடுக்கிறது. வெளியே வந்ததும் அந்த வேலையை மொபைல் நிறுவனம் எடுத்துக்கொண்டு, தன் சொந்த சர்வரைக் காட்டுகிறது. மொபைல் டேட்டாவுக்கு வேறொரு சர்வரின் எண்ணைக் கையால் எழுதி வைக்க ஆண்ட்ராய்டிலும் இடமில்லை, ஐபோனிலும் இடமில்லை. ஆனால் விபிஎன் இணைப்பு ஒன்று ஓடிக்கொண்டிருந்தால், அது சொல்லும் டிஎன்எஸ் சர்வரைப் போன் ஏற்றுக்கொள்ளும். வழி அங்கேதான் திறக்கிறது. காசு கட்டி வாங்கும் விபிஎன் சேவை இதற்கு உதவாது. போனிலிருந்து சொந்த வீட்டுக்குப் போய்ச் சேரும் தனிப்பட்ட சுரங்கம் வேண்டும்.

குறுக்குவழி ஒன்றும் உண்டு; அதில் போகக் கூடாது. ரவுட்டரில் டிஎன்எஸ்ஸுக்குரிய 53-ஆம் போர்ட்டைத் திறந்துவிட்டு, பை-ஹோலை உலகமே பார்க்கும்படி வைப்பதுதான் அது. இப்படித் திறந்து கிடக்கும் சர்வர்களைத் தேடிப் பிடிக்கவே இணையத்தில் நிரல்கள் சுற்றிக்கொண்டிருக்கின்றன. சின்னக் கேள்வியைப் போட்டுப் பெரிய பதிலை மூன்றாவது ஆள் ஒருவர் தலையில் கொட்டவைக்கும் தாக்குதலுக்கு உங்கள் வீட்டுப் பெட்டியும் ஆயுதமாகிவிடும்.

சுரங்கத்துக்கு இன்று பலரும் தேர்ந்தெடுப்பது வயர்கார்டு. ஜேசன் டோனன்ஃபெல்டு எழுதிய இந்த மென்பொருள் 2020 மார்ச்சில் லினக்ஸ் 5.6 பதிப்போடு கர்னலுக்குள்ளேயே சேர்ந்துவிட்டது. அதனிடம் ஒரு நல்ல குணம் உண்டு: சரியான சாவி இல்லாமல் யார் கதவைத் தட்டினாலும் பதிலே சொல்லாது. போர்ட் தேடி அலைபவனுக்கு அங்கே ஒன்று இருப்பதே தெரியாது.

ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். பை-ஹோல் ஓடும் பெட்டியின் வீட்டு முகவரி 192.168.1.10. அதே பெட்டியில் வயர்கார்டையும் நிறுவி, சுரங்கத்துக்குள் அதற்கு 10.6.0.1 என்றும் போனுக்கு 10.6.0.2 என்றும் எண் கொடுத்திருக்கிறார்கள். ரவுட்டரில் யுடிபி 51820 என்ற ஒரே ஒரு போர்ட்டை மட்டும் 192.168.1.10-க்குத் திருப்பிவிடுகிறார்கள். போனில் உள்ள வயர்கார்டு செயலிக்குள் போகும் கோப்பு இவ்வளவுதான்:

```
[Interface]
PrivateKey = (போனின் தனிச்சாவி)
Address = 10.6.0.2/32
DNS = 10.6.0.1

[Peer]
PublicKey = (வீட்டுப் பெட்டியின் பொதுச்சாவி)
Endpoint = enveedu.example.org:51820
AllowedIPs = 10.6.0.1/32
```

போனின் பொதுச்சாவியை வீட்டுப் பெட்டியின் கோப்பிலும் சேர்த்துவிட வேண்டும். Endpoint என்ற இடத்தில் உங்கள் வீட்டுக்கு வாங்கிய பெயர் வரும். வீட்டு இணைய எண் அடிக்கடி மாறும் என்பதால், டக்டிஎன்எஸ் போன்ற இலவசச் சேவையில் ஒரு பெயரைப் பதிந்து வைப்பது வழக்கம்.

இந்தக் கோப்பின் சூட்சுமம் கடைசி வரியில் இருக்கிறது. பல வழிகாட்டிகள் அங்கே 0.0.0.0/0 என்று போடச் சொல்கின்றன. அப்படிப் போட்டால் போனின் மொத்தப் போக்குவரத்தும் வீட்டைச் சுற்றிக்கொண்டுதான் போகும். பஸ்ஸில் பார்க்கும் வீடியோ முதலில் வீட்டுக்கு வந்து, அங்கிருந்து வீட்டு இணைப்பின் அப்லோடு வேகத்தில் மறுபடி போனுக்குக் கிளம்ப வேண்டும். விளம்பரத்தைத் தடுக்க இத்தனை பாடு தேவையில்லை. மேலே உள்ளபடி பை-ஹோலின் எண்ணை மட்டும் போட்டால், முகவரி விசாரிக்கும் சின்னச் சின்னக் கேள்விகள் மட்டுமே வீட்டுக்குப் போய் வரும். வீடியோவும் வாட்ஸ்அப்பும் வங்கிச் செயலியும் வழக்கம்போல நேரடியாக ஓடும். வீட்டுப் பெட்டியும் போக்குவரத்தை வேறெங்கும் கடத்திவிட வேண்டியதில்லை என்பதால் அங்கே அமைக்க வேண்டியதும் குறைகிறது. நம்பிக்கையில்லாத ஓட்டல் வைஃபையில் உட்கார்ந்திருக்கும் நேரத்துக்கு 0.0.0.0/0 போட்ட இரண்டாவது கோப்பு ஒன்றைத் தனியாக வைத்துக்கொள்ளலாம்.

DNS வரியில் ஒரு ஆசை வரும்: வீட்டுப் பெட்டி நின்றுபோனால் உதவும் என்று 1.1.1.1-ஐயும் பக்கத்தில் சேர்த்து வைப்போமே என்று. சேர்த்தால் போன் சில நேரம் அங்கேயும் விசாரிக்கும். விளம்பரம் சிலசமயம் வரும், சிலசமயம் வராது. காரணம் புரியாமல் மண்டை காயும். ஒன்று போதும்.

இதுவரை சொன்னதெல்லாம் வீட்டு ரவுட்டருக்கென்று ஒரு பொது இணைய எண் இருந்தால்தான் நடக்கும். இந்தியாவில் பல வீடுகளுக்கு அது கிடையாது. ஐபிவி4 எண்கள் தட்டுப்பாடாகிவிட்டதால், இணைய நிறுவனங்கள் பல வாடிக்கையாளர்களை ஒரே எண்ணுக்குப் பின்னால் நிறுத்தி வைக்கின்றன. சிஜி-நாட் என்பது இதன் பெயர். உங்கள் வீடு இந்தக் கூட்டத்தில் இருக்கிறதா என்று பார்க்க ரவுட்டரின் நிலைப் பக்கத்தில் உள்ள WAN எண்ணைப் பாருங்கள். அது 100.64 முதல் 100.127 வரையிலான எண்ணில் தொடங்கினால் சிஜி-நாட்தான். 2012-இல் இதற்கென்றே ஒதுக்கப்பட்ட எண் வரிசை அது. சில நிறுவனங்கள் 10-இல் தொடங்கும் எண்ணையும் தருகின்றன. எப்படியிருந்தாலும், "என் ஐபி என்ன" என்று கேட்டால் சொல்லும் தளம் காட்டும் எண்ணும் ரவுட்டர் காட்டும் எண்ணும் வேறுவேறாக இருந்தால், போர்ட் திறந்து பயனில்லை. வெளியிலிருந்து வரும் கேள்வி உங்கள் ரவுட்டர்வரை வந்து சேரவே சேராது.

நிறுவனத்திடம் மாதக் கட்டணம் கட்டி நிலையான எண் வாங்கலாம். கட்ட மனமில்லாதவர்கள் டெயில்ஸ்கேலுக்குப் போகிறார்கள். உள்ளே ஓடுவது வயர்கார்டுதான். ஆனால் போனும் வீட்டுப் பெட்டியும் இரண்டு பக்கமிருந்தும் வெளியே கைநீட்டி ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும்; ரவுட்டரில் எதையும் திறக்க வேண்டாம். நேரடியாகப் பிடிக்க முடியாதபோது நிறுவனத்தின் இடைநிலை சர்வர் வழியாகப் போகும். குறியாக்கம் செய்யப்பட்டே போவதால் அங்கே யாரும் படிக்க முடியாது. வீட்டுப் பெட்டியில் கொடுக்க வேண்டிய கட்டளை:

```
sudo tailscale up --accept-dns=false
```

பை-ஹோல் தன்னிடமே தான் விசாரித்துச் சுற்றிக்கொண்டு நிற்காமல் இருக்கத்தான் அந்த false. பிறகு டெயில்ஸ்கேலின் இணையப் பக்கத்தில் DNS பகுதிக்குப் போய், வீட்டுப் பெட்டிக்குக் கிடைத்த 100-இல் தொடங்கும் எண்ணைச் சேர்த்து, போனின் சொந்த டிஎன்எஸ்ஸை இது மீறட்டும் என்ற விருப்பத்தையும் இயக்க வேண்டும். பலர் தடுக்கி விழுவது இதற்கு அடுத்த படியில். பை-ஹோல் இயல்பாக உள்ளூர்க் கேள்விகளுக்கு மட்டுமே பதில் சொல்லும். டெயில்ஸ்கேல் வழியாக வரும் போனை அது உள்ளூராக எண்ணாது. அமைப்பில் Permit all origins என்பதைத் தேர்ந்தால் பேசத் தொடங்கும். 53-ஆம் போர்ட் ரவுட்டரில் மூடியிருக்கிறதா என்று உறுதிசெய்துகொண்ட பிறகே அதைத் தொட வேண்டும்.

வேலை செய்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? வைஃபையை அணைத்துவிட்டு ஒரு செய்தித் தளத்தைத் திறக்கவும். பை-ஹோலின் கேள்விப் பதிவேட்டில் போனின் சுரங்க எண் வரிசையாக வர வேண்டும். வரவில்லையென்றால் வயர்கார்டு செயலியைத் திறந்து, கடைசியாகக் கைகுலுக்கிய நேரம் காட்டுகிறதா என்று பார்க்கவும். கைகுலுக்கலே இல்லையென்றால் தவறு பாதையில்: போர்ட், சிஜி-நாட், அல்லது வீட்டு எண் மாறியது. மின்சாரம் போய் வந்ததும் ரவுட்டர் புது எண் வாங்கியிருக்கும். செயலி பழைய எண்ணையே தட்டிக்கொண்டிருக்கும். இணைப்பை ஒருமுறை அணைத்துப் போட்டால் புது எண்ணை விசாரித்துக்கொள்ளும். கைகுலுக்கல் இருந்தும் பதிவேடு காலியாக இருந்தால், போன் வேறெங்கோ விசாரிக்கிறது. ஆண்ட்ராய்டில் "பிரைவேட் டிஎன்எஸ்" பகுதியில் ஏதாவது பெயர் எழுதியிருக்கிறதா, பிரவுசரில் பாதுகாப்பான டிஎன்எஸ் என்று தனியாக ஒன்று இயங்குகிறதா என்று தேட வேண்டும்.

வீட்டில் கரண்ட் போனால் என்ன ஆகும்? சிக்னல் முழுதாக இருக்கும், எந்தப் பக்கமும் திறக்காது. பெயருக்கு முகவரி சொல்ல ஆளில்லை. விபிஎன்னை அணைத்தால் சரியாகிவிடும். ரவுட்டருக்கும் பெட்டிக்கும் சின்ன யுபிஎஸ் வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தொல்லை குறைவு.

எதிர்பார்ப்பையும் அளவோடு வைக்க வேண்டும். யூடியூப் விளம்பரம் இதில் நிற்காது. வீடியோ வரும் அதே பெயர்களிலிருந்துதான் விளம்பரமும் வருகிறது, ஒன்றைத் தடுத்தால் மற்றதும் போய்விடும். இன்ஸ்டாகிராம் வரிசைக்கு நடுவே வருவதும் அப்படியே. கூகுள் தேடலில் மேலே வரும் விளம்பர இணைப்பைச் சொடுக்கினால் பக்கம் திறக்காது. அலுவலக விபிஎன் வேண்டியவர்களுக்கு இன்னொரு சங்கடம்: போனில் ஒரு நேரத்தில் ஒரு விபிஎன்தான் ஓடும்.

வீட்டில் பை-ஹோல் இல்லாதவர் இதற்காகவே புதிதாகப் பெட்டி வாங்கத் தேவையில்லை. ஆண்ட்ராய்டின் பிரைவேட் டிஎன்எஸ்ஸில் dns.adguard-dns.com என்று எழுதினாலே பெரும்பாலான விளம்பரங்கள் நின்றுவிடும். நீங்கள் எந்தெந்தத் தளத்துக்குப் போகிறீர்கள் என்ற பட்டியல் அப்போது அந்த நிறுவனத்தின் கையில் இருக்கும். சொந்தச் சுரங்கத்தில் அந்தப் பட்டியல் வீட்டிலேயே தங்குகிறது.

வீட்டிலேயே என்றால், பெட்டியை நிர்வகிப்பவர் கையில். மனைவி, பிள்ளைகள், அப்பா எல்லோர் போனிலும் இதைப் போட்டுக்கொடுத்தால், ஊரெங்கும் அவர்கள் திறக்கும் ஒவ்வொரு தளத்தின் பெயரும் அந்தப் பதிவேட்டில் வரும். பை-ஹோலின் Privacy பகுதியில் தளப் பெயர்களையும் போன்களையும் மறைக்கும் வசதி இருக்கிறது. இணைப்பைப் போட்டுக்கொடுக்கும் முன் அவர்களிடம் சொல்லிவிடுங்கள். வேண்டாம் என்பவர்கள் இருந்தால் அந்த வசதியை இயக்கிவிடுங்கள்.