முளைப்பயறு, பச்சைக்காய், நறுக்கிய பழம்: முதியவர் தட்டில் எதை எப்படி வைப்பது?

அடுப்பில் ஏறாமல் தட்டுக்கு வரும் உணவுகளில் முளைகட்டிய பயறு தனி ரகம். வெள்ளரிக்காயிலும் பப்பாளியிலும் கிருமி இருந்தால் அது பெரும்பாலும் தோலின் மேல்தான் இருக்கும். அதைக் கழுவலாம், தோலைச் சீவி எறியலாம். பயறில் அப்படி இல்லை. கிருமி விதையோடு வருகிறது, முளை வளர வளர அதுவும் கூடவே பெருகுகிறது. அதனால் 65 வயதைக் கடந்தவர்களுக்கும், கீமோ சிகிச்சையில் இருப்பவர்களுக்கும், சிறுநீரக மாற்று அறுவை செய்துகொண்டவர்களுக்கும், ஸ்டீராய்டு போல நோய் எதிர்ப்பைக் குறைக்கும் மாத்திரை சாப்பிடுபவர்களுக்கும் முளைப்பயறை வேகவைத்துத்தான் கொடுக்க வேண்டும். பழமும் பச்சைக்காயும் இவர்களில் பெரும்பாலோருக்கு விலக்கு இல்லை; கழுவும் முறையிலும் நறுக்கிய பின் கழியும் நேரத்திலும்தான் கவனம் வேண்டும்.

ஒரே கிண்ணத்தில் சாப்பிட்ட பேரனுக்கு ஒன்றும் ஆகாமல் பாட்டி மட்டும் படுத்துவிடுவதற்குக் காரணம் உண்டு. உணவோடு உள்ளே போகும் கிருமிக்கு முதல் தடை இரைப்பை அமிலம். வயதானவர்களில் பலருக்கு அது குறைவாகவே சுரக்கிறது. நெஞ்செரிச்சலுக்காக ஒமெப்ரசோல், பான்டோப்ரசோல் போன்ற மாத்திரைகளைத் தினமும் போடுபவர்களுக்கு அமிலம் இன்னும் குறைந்துவிடும். அந்தத் தடையைத் தாண்டிய கிருமியைக் குடலிலும் ரத்தத்திலும் எதிர்க்க வேண்டிய அணுக்களும் தளர்ந்திருக்கும். நல்ல உடல்நிலையில் இருப்பவருக்கு இரண்டு நாள் வயிற்றுப்போக்கோடு போகிற தொற்று, இவர்களுக்கு ரத்தத்தில் கலந்துவிடலாம்.

பயறு விளையும் வயலில் மாட்டெரு கிடக்கும், பறவை எச்சமிடும். களத்தில் காயும்போதும் மூட்டையில் கிடக்கும்போதும் எலி நடமாடும். இப்படி ஒட்டிக்கொள்ளும் சால்மோனெல்லா, ஈகோலை போன்ற கிருமிகள் காய்ந்த விதையின் கீறல்களுக்குள் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். சுண்டலுக்கோ பொங்கலுக்கோ போகும் பயறு வெந்துவிடுவதால் அது பிரச்சினையே இல்லை. முளைகட்டும்போதுதான் கதை மாறுகிறது. இரவு முழுக்கத் தண்ணீரில் ஊறவைத்து, வடித்து, ஈரத்துணியில் முடிந்து, 30 டிகிரி வெப்பத்தில் ஒரு நாள் தொங்கவிடுகிறோம். முளைக்குத் தேவையான ஈரமும் சூடும் கிருமிக்கும் அப்படியே பொருந்தும். அரை மணிக்கு ஒருமுறை இரட்டிப்பாகும் ஒரு கிருமி 12 மணி நேரத்தில் ஒரு கோடியைத் தாண்டிவிடும். இத்தனைக்குப் பிறகும் முளை வெள்ளையாக இருக்கும், வாசனை மாறாது, நாக்குக்கும் தெரியாது. கெட்ட வாடையும் பிசுபிசுப்பும் வந்தால் எறிந்துவிடலாம் என்பது சரி. வராவிட்டால் சுத்தம் என்று நினைப்பது ஆபத்து.

மஞ்சள் தண்ணீர், உப்புத் தண்ணீர், வினிகர் எதுவும் இதைத் தீர்க்காது. வியாபாரத்துக்காக முளை வளர்க்கும் பண்ணைகள் சில நாடுகளில் விதையை 2 சதவீத அளவுக்கு வீரியமான குளோரின் கரைசலில் ஊறவைக்கின்றன. அப்படிச் செய்தும் கீறலுக்குள் இருக்கும் கிருமி முழுவதும் போவதில்லை. வீட்டில் முளைகட்டினால் மற்றவர் கை படாது என்பது உண்மைதான். ஆனால் விதை அதே சந்தையிலிருந்துதான் வருகிறது.

இதற்குப் பெரிய சாட்சி ஜெர்மனியில் 2011இல் நடந்தது. மே மாதம் திடீரென்று நூற்றுக்கணக்கானோர் ரத்தப்போக்கோடும் சிறுநீரகச் செயலிழப்போடும் மருத்துவமனைகளுக்கு வந்தார்கள். முதலில் ஸ்பெயின் வெள்ளரிக்காய் மேல் பழி விழுந்து, அந்நாட்டு விவசாயிகள் பெரும் நஷ்டம் அடைந்தார்கள். நோயாளிகளுக்குத் தாங்கள் முளை சாப்பிட்டதே பெரும்பாலும் நினைவில் இல்லை. சாலட்டின் மேல் தூவிய ஒரு பிடி யார் நினைவில் நிற்கும்? பிறகு ஆய்வாளர்கள் ஓர் உணவகத்தில் கூட்டமாகச் சாப்பிட்டவர்கள் என்ன உணவு கேட்டார்கள் என்று பார்த்து, அந்த உணவில் என்னென்ன போட்டார்கள் என்று சமையல்காரர்களிடமே கேட்டார்கள். முளை உள்ள உணவைச் சாப்பிட்டவர்களே அதிகம் நோயுற்றிருந்தது அப்போதுதான் தெரிந்தது. தேடல் வட ஜெர்மனியின் ஒரு முளைப்பண்ணைக்கும், அங்கிருந்து எகிப்திலிருந்து வந்த ஒரு விதைச் சரக்குக்கும் போய் நின்றது. அந்த விதை வெந்தயம். ஜெர்மனியில் மட்டும் நோயுற்றவர்கள் 3,800 பேருக்கு மேல், இறந்தவர்கள் 53 பேர். இந்த வகை ஈகோலை நடுவயதில் நல்ல உடல்நிலையில் இருந்தவர்களையும் விட்டுவைக்கவில்லை.

சர்க்கரை குறையும் என்று முளைகட்டிய வெந்தயத்தை வெறும் வயிற்றில் பச்சையாக மென்று தின்னும் பழக்கம் நம் வீடுகளில் பரவலாக இருக்கிறது. சாப்பிடுபவர்களில் பெரும்பாலோர் வயதானவர்கள், சர்க்கரை நோயாளிகள். நோய் எதிர்ப்பு ஏற்கெனவே தளர்ந்த இவர்களிடம்தான் இந்தப் பழக்கம் வேரூன்றியிருக்கிறது என்பது கவலை தரும் விஷயம். வெந்தயம் வேண்டுமென்றால் குழம்பிலோ கஞ்சியிலோ வெந்ததாகவே சேர்த்துக்கொள்ளலாம்.

வேகவைப்பது கடினமான வேலை இல்லை. முளைப்பயறை ஒரு முறை அலசி, இட்லித் தட்டில் மெல்லப் பரப்பி, தண்ணீர் கொதித்த பிறகு பத்து நிமிடம் ஆவியில் வைத்தால் போதும். கொதிக்கும் தண்ணீரில் போட்டு ஐந்து நிமிடம் விட்டு வடித்தாலும் சரி. முளைகட்டிய கொண்டைக்கடலைக்குக் குக்கரில் இரண்டு விசில் வேண்டும். உள்வரை சூடேறியதா என்பதற்கு அடையாளம் உண்டு: நடுவிலிருந்து ஒரு கரண்டி எடுத்தால் ஆவி பறக்க வேண்டும், விரலால் நசுக்கினால் பயறு மசிய வேண்டும். கடுகு தாளித்த வாணலியில் ஒரு புரட்டுப் புரட்டி இறக்குவது வேகவைத்ததாகாது. வெந்தால் வைட்டமின் சி ஓரளவு குறையும். புரதமும் நார்ச்சத்தும் அப்படியே இருக்கும், வயதான வயிற்றுக்குச் செரிப்பதும் எளிது. வைட்டமின் சி-க்கு ஒரு சாத்துக்குடி போதும்.

காய்கறிக் கலவையில் பார்க்க வேண்டியது தோல் சீவ முடியுமா என்பதே. கேரட், வெள்ளரி, பீட்ரூட் சிக்கல் இல்லாதவை. ஓடும் தண்ணீரில் தேய்த்துக் கழுவி, தோல் சீவி, மறுபடி ஒரு முறை அலசினால் போதும். சோப்பு வேண்டாம். கழுவாமல் தோல் சீவினால் தோலில் இருந்த மண்ணைக் கத்தியே சதைக்குள் கொண்டுபோகும். கொத்தமல்லி, புதினா, லெட்யூஸ் போன்ற இலைகளின் மடிப்பைத் தேய்த்துக் கழுவ வழியில்லை. எதிர்ப்புச் சக்தி மிகவும் குறைந்தவருக்கு இவற்றைப் பச்சையாகத் தூவாமல், கொதிக்கும் ரசத்திலோ குழம்பிலோ போடுவது நல்லது. ஊறிய பாசிப்பருப்பில் செய்யும் கோசம்பரிக்கு, பருப்பை ஐந்து நிமிடம் ஆவியில் காட்டிவிட்டு மற்றதைச் சேர்க்கலாம்.

பழங்களில் புளிப்புள்ள ஆரஞ்சு, சாத்துக்குடி, அன்னாசியில் கிருமி எளிதாகப் பெருகாது. புளிப்பு இல்லாத பப்பாளி, தர்பூசணி, முலாம்பழத்தில் நறுக்கிய நிமிடத்திலிருந்தே பெருகத் தொடங்கும். 2011இலேயே அமெரிக்காவின் கொலராடோவில் ஒரு பண்ணையின் முலாம்பழத்தால் 147 பேர் லிஸ்டீரியா என்ற கிருமியால் நோயுற்று, 33 பேர் இறந்தார்கள். நோயுற்றவர்களில் பெரும்பாலோர் 60 வயதைக் கடந்தவர்கள். சொரசொரப்பான தோலில் ஒட்டியிருக்கும் கிருமி, நறுக்கும்போது கத்தி வழியாகச் சதைக்குப் போகிறது. லிஸ்டீரியாவுக்கு இன்னொரு குணம் உண்டு: ஃபிரிட்ஜுக்குள்ளும் மெதுவாக வளரும். காலையில் நறுக்கி மூடி வைத்த முலாம்பழம் மறுநாள் குளிர்ச்சியாக இருக்கலாம், பாதுகாப்பாக இருக்கும் என்று சொல்ல முடியாது.

மூட்டுவலிக்கு ஸ்டீராய்டு சாப்பிடும் 76 வயதுப் பாட்டி இருக்கும் ஒரு வீட்டின் மதிய உணவை எடுத்துக்கொள்ளலாம். முளைப்பயறு, கேரட்–வெள்ளரிக் கலவை, பப்பாளி. முதலில் கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். மீனோ கோழியோ நறுக்கும் பலகையும் கத்தியும் இதற்கு ஆகாது. தனியாக ஒன்று வேண்டும். முளைப்பயறை ஆவியில் வைத்துவிட்டு, அது வேகும் நேரத்தில் கேரட்டையும் வெள்ளரியையும் கழுவிச் சீவி நறுக்கிவிடலாம். வெந்த பயறைக் கழுவிய கிண்ணத்தில் ஆறவைத்து, பிறகு கலக்க வேண்டும். பச்சைப் பயறு இருந்த அதே கிண்ணத்தில் கொட்டினால் வேகவைத்தது வீண். பப்பாளியை வெட்டு, கீறல் இல்லாத முழுப்பழமாக வாங்கி, ஓடும் தண்ணீரில் தேய்த்துக் கழுவித் துடைத்து, சாப்பிட உட்காரும்போது நறுக்க வேண்டும். மீந்த துண்டுகள் வெளியே இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது. 32 டிகிரியைத் தாண்டும் வெயில் காலத்தில் ஒரு மணி நேரம்தான் கணக்கு. மிச்சத்தை ஃபிரிட்ஜில் வைத்து மற்றவர்கள் சாப்பிடலாம். பாட்டிக்கு அடுத்த வேளை புதிதாக நறுக்குவதே முறை. கடைவீதியில் நறுக்கிப் பெட்டியில் அடைத்து விற்கும் பழம் எப்போது நறுக்கியது, எந்தத் தண்ணீரில் கழுவியது என்று தெரியாது. அதை அவருக்கு வாங்கித் தர வேண்டாம்.

எலும்பு மஜ்ஜை மாற்றுச் சிகிச்சை பெற்றவர்களுக்கும், வெள்ளை அணுக்கள் மிகவும் குறைந்துபோனவர்களுக்கும் சில மருத்துவர்கள் கொஞ்ச காலத்துக்குப் பச்சை உணவு எல்லாவற்றையும் நிறுத்தச் சொல்வார்கள். அப்போது அவர்கள் சொல்வதே முடிவு.

இத்தனை கவனத்தையும் மீறித் தொற்று வரலாம். வயதானவர்களிடம் அது எப்போதும் வயிற்றுவலியாகவே தொடங்குவதில்லை. காய்ச்சல், தலைசுற்றல், பேச்சில் குழப்பம், சிறுநீர் குறைதல், எழுந்து நடக்க முடியாத சோர்வு என்று வரும். லிஸ்டீரியாவில் சாப்பிட்டு வாரக்கணக்கு கழிந்த பிறகும் அறிகுறி தெரியலாம். மலத்தில் ரத்தம் இருந்தால் போக்கை நிறுத்தும் மாத்திரையை நாமாகக் கொடுக்கக் கூடாது. உப்புச் சர்க்கரைக் கரைசல் கொடுத்துக்கொண்டே மருத்துவமனைக்குப் போக வேண்டும். கீமோவில் இருப்பவருக்குக் காய்ச்சல் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டால், வயிற்றுப்போக்கு இருந்தாலும் இல்லாவிட்டாலும், விடியட்டும் என்று காத்திருக்காமல் அந்த இரவே கிளம்பிவிடுங்கள்.