நாலு மணி நேரம் எப்போது தொடங்குகிறது?

ஒரு அலுவலகத்தின் பில்லிங் சர்வரைப் பராமரிக்கும் ஒப்பந்தத்தில் சேவைத் தரம் பற்றி இப்படி எழுதியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்: “புகார் கிடைத்த 4 மணி நேரத்துக்குள் பதில் அளிக்கப்படும். பராமரிப்புப் பணிகளும் எங்கள் கட்டுப்பாட்டுக்கு அப்பாற்பட்ட காரணங்களும் இதில் சேரா. தவறினால் உரிய கழிவு தரப்படும்.”

வெள்ளிக்கிழமை மாலை 5 மணிக்கு சர்வர் படுத்துவிடுகிறது. அன்றிரவு 9 மணிக்குள் ஆள் வர வேண்டும் என்கிறார் வாடிக்கையாளர். திங்கள் முதல் வெள்ளி வரை காலை 9 முதல் மாலை 6 வரைதான் தங்கள் வேலை நேரம் என்கிறது நிறுவனம். அந்தக் கணக்கில் வெள்ளியன்று ஒரு மணி நேரம் போக மீதி மூன்று மணி நேரம் திங்கள் மதியம் 12 மணிக்குத்தான் முடியும். எழுதியிருப்பது இரண்டு கணக்குக்கும் இடம் தருகிறது.

இதைச் சரிசெய்ய, நேரத்தை எப்போதிலிருந்து எண்ணுவது, எந்த மணிகள் சேரும், எது நடந்தால் எண்ணுவது நிற்கும் என்ற மூன்றையும் எழுத வேண்டும்: “டிக்கெட் பதிவான நிமிடத்திலிருந்து, விடுமுறை உட்பட எல்லா மணிகளும் சேரும். 4 மணி நேரத்துக்குள் ஒரு பொறியாளர் வேலையைத் தொடங்கி, அதை டிக்கெட்டில் பதிய வேண்டும். தானாக வரும் ஒப்புகை மெயில் பதில் ஆகாது. 12 மணி நேரத்துக்குள் மீண்டும் பில் போட முடிய வேண்டும்.” கடைசி வரி இல்லாவிட்டால், பொறியாளர் நேரத்துக்கு வந்துவிட்டு, பழுதை ஒரு வாரம் இழுத்தாலும் ஒப்பந்தம் மீறப்பட்டதாகாது.

விலக்குகளுக்கு முழுப் பட்டியல் வேண்டும். “போன்றவை” என்று முடித்தால் எதையும் உள்ளே நுழைக்கலாம். “72 மணி நேரம் முன்பே மெயிலில் அறிவித்து, ஞாயிறு அதிகாலை 1 முதல் 5 வரை செய்யும் பராமரிப்பு, வாடிக்கையாளர் இடத்தில் மின்சாரம் இல்லாத நேரம். இவை இரண்டு மட்டுமே. பராமரிப்பு 5 மணியைத் தாண்டினால், தாண்டிய நேரம் தாமதமாகும். விலக்குப் பொருந்தும் என்று காட்டுவது நிறுவனத்தின் பொறுப்பு.”

கழிவுக்கு எண் வேண்டும். “12 மணி நேரத்துக்கு மேல் ஆகும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும், அதன் பகுதிக்கும், வரி நீங்கிய மாதக் கட்டணத்தில் 2 சதவீதம், மாதத்துக்கு அதிகபட்சம் 20 சதவீதம். கேட்காமலேயே அடுத்த பில்லில் கழிக்கப்படும்.” கட்டணம் 50,000 ரூபாய், தாமதம் 3 மணி 20 நிமிடம் என்றால் கழிவு 4,000 ரூபாய். “அதன் பகுதிக்கும்” என்பதை விட்டுவிட்டால் நிறுவனம் 3,000 என்று வாதிடலாம். இந்தக் கழிவு மட்டும்தான் நிவாரணமா, தொடர்ந்து தவறினால் ஒப்பந்தத்தை முறிக்கலாமா என்பதையும் எழுதிவிட வேண்டும். மீறலுக்கு இவ்வளவு என்று எழுதிய தொகை வழக்கில் அப்படியே கிடைத்துவிடாது. 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், பிரிவு 74-இன்படி, அது உச்சவரம்பு. அதற்குள் நியாயமான இழப்பீட்டையே நீதிமன்றம் தரும்.

கையெழுத்துக்கு முன், வெள்ளி மாலைச் சம்பவத்தை, பழுது நீங்கியதாக ஒரு நேரத்தையும் சேர்த்து, இரு தரப்பிலும் ஒவ்வொருவரிடம் கொடுத்து, கெடு எத்தனை மணிக்கு, கழிவு எத்தனை ரூபாய் என்று தனித்தனியே கணக்குப் போடச் சொல்லுங்கள். விடைகள் எந்தச் சொல்லில் பிரிகின்றனவோ, அதைத் திருத்துங்கள்.