குழுவின் உரையாடல் அழிந்துவிட்டதா? கோப்புகளை மறுபடியும் கேட்பது எப்படி

மார்ச் மாதக் கடைசி. எங்கள் அடுக்ககத்தில் 24 வீடுகள். சங்கத்தின் வரவு செலவைப் பார்த்துக்கொள்வது நான். போனில் இடம் இல்லை என்று அறிவிப்பு வந்துகொண்டே இருந்ததால், திருமண அழைப்புகளும் காலை வணக்கங்களும் நிறைந்த ஒரு குடும்ப வாட்ஸ்அப் குழுவைக் காலிசெய்ய உட்கார்ந்தேன். விரல் ஒரு வரி மேலே பட்டுவிட்டது. Clear chat என்பதை அழுத்தி, அது கேட்ட கேள்விக்கும் சம்மதம் சொன்ன பிறகுதான், வெறுமையாக நிற்பது எங்கள் அடுக்ககக் குழு என்று தெரிந்தது. ஆண்டுக் கணக்கு முடிக்க வேண்டிய பில்கள் எல்லாம் அதில்தான் இருந்தன.

உங்களுக்கும் இப்படி நடந்திருந்தால், குழுவுக்குச் செய்தி அனுப்பக் கை துடிக்கும். அதற்கு முன் அரை மணி நேரம் செலவழித்துச் சிலவற்றைப் பாருங்கள். கேட்க வேண்டியவை பாதிக்கும் கீழே குறையலாம்.

எல்லோருடைய போனிலும் அழிந்துவிட்டதா?

இல்லை. Clear chat உங்கள் போனில் இருப்பதை மட்டும்தான் துடைக்கிறது. அந்தக் கணக்கோடு கணினியை இணைத்திருந்தால் அங்கேயும் போகும், அவ்வளவுதான். மற்றவர்களின் போனில் ஒரு எழுத்துகூட மாறாது. நீங்கள் குழுவிலேயேதான் இருப்பீர்கள், புதிய செய்திகளும் வரும். ஒரு செய்தியை எல்லோருக்கும் சேர்த்து அழிக்கும் Delete for everyone என்பது வேறு வசதி. இரண்டையும் குழப்பிக்கொண்டு, ஊர் முழுவதற்கும் கெடுதல் செய்துவிட்டதாக நீங்கள் தவிக்க வேண்டாம். செய்தியிலும் இதைத் தெளிவாகச் சொல்லிவிடுங்கள். படிப்பவர்கள் தங்கள் போனைப் பற்றிப் பதற மாட்டார்கள்.

உரையாடல் போனால் கோப்பும் போய்விடுமா?

அது நீங்கள் சம்மதம் சொன்ன அந்தச் சின்னக் கேள்வியைப் பொறுத்தது. ஆண்ட்ராய்டு போனில் அழிக்கும்போது, வந்த படங்களையும் கோப்புகளையும் போனிலிருந்தே நீக்கவா என்று ஒரு கட்டம் கேட்கும். அதில் டிக் இல்லாமல் இருந்திருந்தால், செய்தி மறைந்தாலும் கோப்பு போனில்தான் கிடக்கிறது. டிக் இருந்ததா என்று நினைவில்லையா? நினைவை நம்ப வேண்டாம், நேரே போய்ப் பாருங்கள். போனில் உள்ள கோப்பு மேலாளரைத் (போனில் சேர்ந்திருப்பதைக் காட்டும் செயலி) திறந்து இந்த இடத்துக்குப் போங்கள்:

```
Android/media/com.whatsapp/WhatsApp/Media
```

உள்ளே WhatsApp Documents, WhatsApp Images என்று தனித்தனி உறைகள் இருக்கும். ஒவ்வொன்றிலும் Sent என்று இன்னொரு உறை உண்டு. நீங்களே அனுப்பியவை அங்கே இருக்கும். பலர் இதைத் திறந்து பார்ப்பதே இல்லை.

எல்லாக் குழுவின் படங்களும் அங்கே ஒன்றாகக் கலந்து கிடக்கும். எது எந்தக் குழுவில் வந்தது என்று அந்த உறை சொல்லாது. தேதியைக் கொண்டுதான் தேட வேண்டும். IMG-20250214-WA0007.jpg என்று ஒரு பெயர் இருந்தால், அது 2025 பிப்ரவரி 14 அன்று சேர்ந்த படம். தண்ணீர் லாரி எந்த வாரம் வந்தது என்று தெரிந்தால் போதும், ரசீதைப் பிடித்துவிடலாம். நான் அப்படித்தான் தேடினேன். படங்களை நீக்கும் டிக் விழாமல் இருந்தது என் நல்ல நேரம். ஆனால் முந்தைய வாரம் இடம் போதாமல் நானே கையால் நீக்கிய சில கோப்புகள் மட்டும் எங்கும் இல்லை.

ஐபோனில் இந்த வழி கிடையாது. வந்த படங்கள் தானாகவே போட்டோ தொகுப்பில் சேரும்படி முன்பே வைத்திருந்தால் அவை அங்கே இருக்கும். பிடிஎஃப் கோப்புகளை நீங்கள் தனியாகச் சேமித்திருந்தால்தான் உண்டு.

கணினியில் வாட்ஸ்அப் பயன்படுத்துகிறவரா? அங்கே ஒருமுறை இறக்கிய கோப்பு Downloads உறையில் இருக்கும். உரையாடலை அழித்தாலும் அதற்கு ஒன்றும் ஆகாது.

பேக்கப் இருக்கிறதே, அதிலிருந்து மீட்கலாமே?

மீட்கலாம், ஆனால் விலை உண்டு. பேக்கப் என்பது (உரையாடல்களின் மொத்த நகல்) வழக்கமாக நள்ளிரவுக்குப் பின் தானாக எடுக்கப்படும். கடைசியாக எப்போது எடுத்தது என்பதை Settings, Chats, Chat backup என்ற இடத்தில் பாருங்கள். நீங்கள் அழித்த நேரத்துக்கு முந்தையது என்றால் வழி இருக்கிறது. அப்படியானால் முதல் வேலையாகத் தானியங்கி பேக்கப்பை நிறுத்துங்கள். இல்லாவிட்டால் இன்று இரவே, காலியான குழுவோடு புதிய நகல் எடுக்கப்பட்டு, இணையத்தில் இருக்கும் பழைய நகலின் இடத்தில் உட்கார்ந்துவிடும்.

மீட்க வேண்டுமென்றால் வாட்ஸ்அப்பை நீக்கி, மறுபடி நிறுவி, அதே எண்ணைக் கொடுத்து, பேக்கப்பிலிருந்து எடுக்கச் சொல்ல வேண்டும். இதில் சிக்கல் என்னவென்றால், அந்த ஒரு குழுவை மட்டும் தனியாக மீட்க முடியாது. மொத்த வாட்ஸ்அப்பும் அந்த நேரத்துக்குத் திரும்பிப் போகும். அதன் பிறகு எந்த உரையாடலில் என்ன வந்திருந்தாலும் உங்கள் போனில் இருக்காது. பேக்கப்புக்குக் கடவுச்சொல் போட்டிருந்து அது மறந்துபோயிருந்தால் அதுவும் திறக்காது. ஓராண்டுப் பதிவு முழுவதும் போயிருந்து, அழித்துச் சில மணி நேரமே ஆகியிருந்தால் இந்த வழியில் இறங்கலாம். நான்கைந்து பில்களுக்காக என்றால் வேண்டாம். குழுவில் கேட்பதே மேல்.

சரி, எப்படிக் கேட்பது?

நாம் அவசரத்தில் எழுதுவது இப்படி இருக்கும்: “சாரி, சாட் டெலீட் ஆகிவிட்டது. எல்லோரும் அனுப்பிய பைல்களை மறுபடி அனுப்பவும்.” இதைப் படிக்கும் 24 வீட்டாரும் என்ன நினைப்பார்கள்? நாம் என்ன அனுப்பினோம் என்று பலருக்கு நினைவே இருக்காது. வேறு யாராவது அனுப்புவார்கள் என்று சிலர் விட்டுவிடுவார்கள். பொறுப்பான நான்கு பேர் ஒரே கூட்டக் குறிப்பை நான்கு முறை அனுப்புவார்கள். உங்களுக்கு உண்மையில் வேண்டிய லிஃப்ட் பில் மட்டும் வராது.

கோப்பின் பெயர், மாதம், முதலில் அனுப்பியவர் யார் என்ற மூன்றையும் சேர்த்துக் கேட்டால் இந்தக் குழப்பம் இல்லை. “உரையாடலே போன பிறகு யார் அனுப்பினார்கள் என்று எப்படித் தெரியும்?” என்று கேட்பீர்கள். உங்கள் கணக்கு நோட்டைத் திறங்கள். பணம் கொடுத்த வரி ஒவ்வொன்றுக்கும் ஒரு பில் இருக்க வேண்டும். பில் கையில் கிடைத்த வரிகளில் டிக் போட்டுக்கொண்டே வந்தால், டிக் இல்லாமல் நிற்பவைதான் காணாமல் போனவை. அந்த வேலையை யார் முன்நின்று செய்தார் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். எனக்கு அப்படி நின்றவை நான்கு. நான் அனுப்பிய செய்தி இது:

“அனைவருக்கும் வணக்கம். இன்று காலை என் போனில் இடம் ஒழிக்கும்போது நம் குழுவின் உரையாடலைத் தவறுதலாக அழித்துவிட்டேன். என் கவனக்குறைவுதான், மன்னிக்க வேண்டும். உங்கள் போனில் எதுவும் அழியவில்லை. பெரும்பாலான பில்களை என் போனிலேயே தேடி எடுத்துவிட்டேன். கிடைக்காதவை நான்கு மட்டும்:
1. லிஃப்ட் பராமரிப்பு பில், ஜனவரி – ஏ2 சார்
2. தண்ணீர் லாரி ரசீது, பிப்ரவரி முதல் வாரம் – சி1 அக்கா
3. பிப்ரவரி கூட்டக் குறிப்பு, பிடிஎஃப் – செயலாளர் சார்
4. மோட்டார் காயில் கட்டிய பில், போட்டோ – பி4 தம்பி
இந்த நால்வர் மட்டும் வெள்ளிக்கிழமை இரவுக்குள் என் எண்ணுக்குத் தனியாக ஃபார்வர்ட் செய்தால் போதும். உங்களிடம் இப்போது இல்லையென்றால் அதையும் சொல்லிவிடுங்கள், வேறு வழி பார்க்கிறேன். குழுவின் பெயரைத் தொட்டு, Media, links and docs என்பதில் Docs பக்கம் போனால் பிடிஎஃப் கோப்புகள் வரிசையாக இருக்கும். போட்டோக்கள் Media பக்கத்தில் இருக்கும்.”

மன்னிப்பு ஒரு வரிதான். அதற்கு மேல் நீட்டினால், எல்லோரும் “பரவாயில்லை” என்று பதில் போட, பட்டியல் மேலே ஏறி மறைந்துவிடும். போன் பழசு, வேலை நெருக்கடி என்று காரணம் அடுக்கவும் வேண்டாம், யாரும் கேட்கவில்லை.

குழுவில் போடாமல் தனியாக ஏன் கேட்க வேண்டும்? அதே கோப்பு 24 போன்களில் இரண்டாம் முறை இடம் பிடிக்க வேண்டாம் என்பதற்காகத்தான். வந்தது எது, வராதது எது என்று பார்ப்பதும் உங்களுக்குச் சுலபம்.

எங்கே தேடுவது என்று கடைசியில் சொன்னதைச் சிறிய விஷயமாக எண்ண வேண்டாம். மூன்று மாத உரையாடலை விரலால் தள்ளித் தள்ளித் தேடச் சொன்னால், வயதானவர்கள் இரண்டு நிமிடத்தில் அலுத்துப்போவார்கள். எங்கள் சி1 அக்காவுக்கு அந்த ஒரு வரிதான் உதவியது.

எல்லாவற்றையும் குழுவில் பட்டியலிடலாமா?

கூடாது. வாடகை ஒப்பந்தம், ஆதார் நகல், பாஸ்புக்கின் முதல் பக்கம் போன்றவை காணாமல் போயிருந்தால் அவற்றைப் பட்டியலில் சேர்க்காதீர்கள். உரியவரிடம் போனில் பேசிக் கேளுங்கள். எண்ணைக் கைப்பற்றிய மோசடிக்காரர்களும் ஆவணங்களை இப்படித்தான் கேட்பார்கள். குரலைக் கேட்டால்தான் எதிரே இருப்பவருக்கு நம்பிக்கை வரும். அதைவிட, அந்த நகல் இப்போதும் உங்களுக்குத் தேவைதானா என்று யோசியுங்கள். வேலை முடிந்துபோன ஆதார் நகல் அழிந்தது நல்லதே. மறுபடி வாங்கி வைத்துக்கொள்ள வேண்டாம்.

அனுப்பியவரிடமும் இல்லாவிட்டால்?

அவரும் போனில் இடத்துக்காக அதை நீக்கியிருக்கலாம். குழுவில் தானாக மறையும் செய்திகள் இயக்கத்தில் இருந்தால், வைத்த அளவைப் பொறுத்து 24 மணி நேரத்திலோ, 7 நாளிலோ, 90 நாளிலோ எல்லோருடைய உரையாடலிலிருந்தும் போயிருக்கும். கேட்பதைத் தள்ளிப்போடக் கூடாது என்பதற்கு இது ஒன்றே போதும். அடுத்ததாக, அந்தக் கோப்பைத் திறந்து பார்த்திருக்கக்கூடிய ஒருவரைக் கேளுங்கள். இறக்கிப் பார்க்காதவரின் போனில் மங்கலான படம் தெரியும். நாளாகிவிட்டால் அதைத் தொட்டாலும் இறங்காது. அப்படிப்பட்டவர் ஃபார்வர்ட் செய்வதால் உங்களுக்குப் பயனில்லை.

ஏ2 சாரிடம் லிஃப்ட் பில் இல்லை. நான் லிஃப்ட் நிறுவனத்துக்கே போன் செய்து, ஒப்பந்த எண்ணையும் மாதத்தையும் சொன்னேன். மறுநாள் மின்னஞ்சலில் நகல் வந்தது. பில் கொடுத்தவரிடம் அதன் பதிவு இருக்கும் என்பதை நாம் சட்டென்று மறந்துவிடுகிறோம். ஆனால் மோட்டார் ரிப்பேர் செய்தவரைப் போல, துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தவரிடம் அந்த நகல் இருக்காது. அது பி4 தம்பியிடம் இருந்தே ஆக வேண்டும்.

நான் கேட்ட அன்று மாலையிலேயே அவர் அனுப்பினார். ஆனால் அந்தச் சீட்டையே தேடி எடுத்து, விளக்கு வெளிச்சத்தில் புதிதாகப் படம் பிடித்திருந்தார். 3,850 என்பதில் கடைசி இரண்டு எண்கள் விரல் நிழலில் மறைந்திருந்தன. பழைய படத்தையே ஃபார்வர்ட் செய்யச் சொன்னேன், அதில் தெளிவாக இருந்தது. ஆகவே வந்த ஒவ்வொன்றையும் உடனே திறந்து, தொகையும் தேதியும் படிக்க முடிகிறதா என்று பார்த்த பிறகே பட்டியலில் டிக் போடுங்கள். நான்கும் சேர்ந்ததும் குழுவில் ஒரு வரி போட்டேன்: “நான்கும் கிடைத்துவிட்டன, இனி யாரும் அனுப்ப வேண்டாம். நன்றி.”